தளத்துக்கு எத்தனை தப்படி?

2016-ஆம் ஆண்டு ஜே.இ.இ. மெயின் கணிதத் தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தது. (1, −5, 9) என்ற புள்ளியிலிருந்து x − y + z = 5 என்ற தளத்துக்கு உள்ள தூரத்தை x = y = z என்ற கோட்டின் வழியாக அளந்தால் எவ்வளவு? கீழே நான்கு விடைகள்: 3√10, 10√3, 10/√3, 20/3. சரியென்றால் நான்கு மதிப்பெண், தவறென்றால் ஒன்று போய்விடும்.

முப்பரிமாண வடிவியல் படித்த எந்த மாணவருக்கும் ‘புள்ளியிலிருந்து தளத்துக்குத் தூரம்’ என்றதும் ஒரு சூத்திரம் கை முந்திக்கொண்டு வரும். புள்ளியைச் சமன்பாட்டில் போடு, மட்டு எடு, கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலத்தால் வகு. அப்படிச் செய்தால் 10/√3 வருகிறது. அது விடைகளில் மூன்றாவதாக அச்சிடப்பட்டும் இருக்கிறது. மனம் நிறைந்து அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடத் தோன்றும். ஆனால் சரியான விடை 10√3. குறித்த விடையைப் போல மூன்று மடங்கு.

இந்த மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால், இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் புரிந்துவிட்டது என்பது என் கருத்து. அதனால் இந்த ஒரு கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடப்போம்.

முதலில் தளம். x − y + z = 5 என்று எழுதும்போது உண்மையில் என்ன சொல்கிறோம்? அறையின் ஒரு மூலையை ஆதியாக வைத்தால், அறைக்குள் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் கிடைக்கும். அந்த மூன்றையும் x − y + z என்ற கோவையில் போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஓர் எண் கிடைக்கும். அதை அந்தப் புள்ளியின் ‘மதிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 5 ஆக உள்ள புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் நம் தளம். (5, 0, 0) அதில் இருக்கிறது. (0, −5, 0), (0, 0, 5) ஆகியவையும் இருக்கின்றன. மதிப்பு 6 ஆக உள்ள புள்ளிகள் சேர்ந்தால் இதற்கு இணையாக இன்னொரு தளம். 7 என்றால் அதற்கும் அப்பால் இன்னொன்று. வெளி முழுவதும் இப்படி அடுக்கடுக்கான இணைத்தளங்களால் நிறைந்திருக்கிறது.

நம் புள்ளி (1, −5, 9) எந்த அடுக்கில் இருக்கிறது? 1 − (−5) + 9 = 15. ஆக, நாம் நிற்பது 15-ஆம் அடுக்கில். போக வேண்டியது 5-ஆம் அடுக்குக்கு. மதிப்பில் உள்ள இடைவெளி 10.

இந்த 10 தூரம் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தவறுகள் பலவும் இங்கேதான் முளைக்கின்றன. 10 என்பது கோவையின் மதிப்பு குறைய வேண்டிய அளவு மட்டுமே. அதைத் தூரமாக மாற்ற வேண்டுமானால், எந்தத் திசையில் நடக்கிறோம், அந்தத் திசையில் ஒரு தப்படி வைத்தால் மதிப்பு எவ்வளவு மாறுகிறது, அந்தத் தப்படியின் நீளம் எவ்வளவு என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

தளத்தின் சமன்பாட்டிலேயே ஒரு திசை ஒளிந்திருக்கிறது. x, y, z ஆகியவற்றின் கெழுக்களை எடுத்தால் (1, −1, 1). இதுதான் தளத்துக்குச் செங்குத்தான திசை. நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். தளத்தில் உள்ள (5, 0, 0) என்ற புள்ளியிலிருந்து (0, 0, 5) என்ற புள்ளிக்குப் போகும் திசை (−5, 0, 5). இதை (1, −1, 1) உடன் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் −5 + 0 + 5 = 0. இந்தப் புள்ளிப் பெருக்கல் பூச்சியமானால் இரண்டு திசைகளும் செங்குத்து. தளத்துக்குள் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் இதே பூச்சியம்தான் வரும். ஏனென்றால் இரண்டு புள்ளிகளின் மதிப்பும் 5. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது மதிப்பு மாறவே இல்லை.

அந்தச் செங்குத்துத் திசையில் நடந்து பார்ப்போம். (1, −1, 1) என்ற ஒரு தப்படி வைத்தால் x ஒன்று கூடுகிறது, y ஒன்று குறைகிறது, z ஒன்று கூடுகிறது. x − y + z என்ற மதிப்பு 1 + 1 + 1 = 3 கூடுகிறது. தப்படியின் நீளம் √3. நமக்கு மதிப்பு 10 குறைய வேண்டும் என்பதால் பின்னோக்கி நடக்க வேண்டும். 10/3 தப்படிகள் தேவை. தூரம் 10/3 × √3, அதாவது 10/√3. ஏறத்தாழ 5.77.

மனப்பாடம் செய்த சூத்திரம் தருவதும் இதையேதான். பொதுவாக ax + by + cz = d என்ற தளத்துக்கு, செங்குத்துத் திசையில் ஒரு தப்படிக்கு மதிப்பு a² + b² + c² மாறும். தப்படியின் நீளம் அதன் வர்க்கமூலம். இடைவெளியை முதலாவதால் வகுத்து இரண்டாவதால் பெருக்கினால், கீழே வர்க்கமூலம் மட்டும் மிஞ்சும். சூத்திரத்தில் அந்த வர்க்கமூலம் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில். இதைக் காட்டாமல் சூத்திரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போடும் வகுப்புகளைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான் இது.

ஆனால் கேள்வி செங்குத்தாக அளக்கச் சொல்லவில்லை. x = y = z என்ற கோட்டின் வழியாக அளக்கச் சொல்கிறது. கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளப்பது ஒரு தூரம். அதே இடத்திலிருந்து சாய்வாக ஒரு கம்பியைத் தரைக்கு இறக்கினால் அதன் நீளம் வேறு. கேள்வி கேட்பது சாய்ந்த கம்பியின் நீளத்தை.

இங்கே கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புவரை x − y = 0 என்றால் கோடு என்று படித்திருக்கிறோம். மூன்று பரிமாணத்தில் அது கோடு அல்ல, தளம். Z எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அது மேலும் கீழும் விரிந்துவிடுகிறது. ஒரு கோட்டைப் பிடிக்க ஒரு சமன்பாடு போதாது. x = y, y = z என்ற இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடமாகத்தான் x = y = z என்ற கோடு பிறக்கிறது. கணக்குப் போட இதைவிட வசதியான வழி ஒன்று உண்டு. கோட்டில் ஒரு புள்ளியையும் கோட்டின் திசையையும் எடுத்துக்கொண்டு, t என்ற துணையலகை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் எழுதிவிடுவது. x = y = z கோட்டின் திசை விகிதங்கள் (1, 1, 1).

நம் புள்ளி (1, −5, 9) அந்தக் கோட்டில் இல்லை. மூன்று எண்களும் சமமாக இல்லையே. அப்படியானால் ‘அந்தக் கோட்டின் வழியாக’ என்பதன் பொருள், நம் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு இணையாக நடப்பது. இதைப் பிடிக்காமல், x = y = z கோடு தளத்தை வெட்டும் இடமான (5, 5, 5) வரைக்கும் தூரம் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் √132 வரும். நான்கு விடைகளில் அது இல்லாததே எச்சரிக்கை மணி.

சரியாக நடந்தால் t தப்படிகளுக்குப் பிறகு நாம் நிற்கும் இடம் (1 + t, −5 + t, 9 + t). அதன் மதிப்பு (1 + t) − (−5 + t) + (9 + t) = 15 + t. இது 5 ஆக வேண்டும். எனவே t = −10. நாம் தளத்தைத் தொடும் இடம் (−9, −15, −1). சரிபார்க்கலாம்: −9 + 15 − 1 = 5. தளத்தின் மேல்தான் நிற்கிறோம். பத்துத் தப்படிகள், ஒவ்வொன்றின் நீளமும் √3. தூரம் 10√3, ஏறத்தாழ 17.32.

இப்போது மூன்று மடங்கின் காரணம் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. செங்குத்துத் திசையில் ஒரு தப்படி வைத்தால் மதிப்பு 3 மாறியது. (1, 1, 1) திசையில் அதே நீளமுள்ள தப்படி வைத்தால் 1 − 1 + 1 = 1 மட்டுமே மாறுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு. அதனால் தூரம் மூன்று மடங்கு. இரண்டு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் 1/3 என்று பாடநூல் சொல்வதும் இதே செய்திதான். செங்குத்துத் தூரத்தை அந்தக் கொசைனால் வகுத்தால் சாய்ந்த தூரம் கிடைத்துவிடும். எந்தத் திசையில் மதிப்பு மிக வேகமாக மாறுகிறதோ அதுவே குறுக்குவழி. செங்குத்துத் தூரம்தான் மிகக் குறைந்த தூரம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதன் எல்லையையும் பார்த்துவிடலாம். அதே புள்ளியிலிருந்து (1, 1, 0) திசையில் நடந்தால்? ஒரு தப்படிக்கு மதிப்பு மாறும் அளவு 1 − 1 + 0 = 0. எவ்வளவு நடந்தாலும் 15-ஆம் அடுக்கிலேயே இருப்போம். தளத்தைத் தொடவே மாட்டோம். அந்தத் திசை தளத்துக்கு இணை. கணக்கில் t மறைந்துபோய் 15 = 5 என்று ஒரு பொய்ச் சமன்பாடு மிஞ்சினால், எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று பதற வேண்டாம்; கோடு தளத்துக்கு இணை என்று அது சொல்கிறது. 5 = 5 என்று மிஞ்சினால் கோடு தளத்துக்குள்ளேயே கிடக்கிறது.

இந்தக் கேள்விக்கு இன்னொரு அழகும் உண்டு. கணக்கே போடாமல் விடையைப் பிடித்துவிடலாம். நாம் நடக்கும் ஒவ்வொரு தப்படியும் √3 நீளம். t-யைத் தரும் சமன்பாட்டில் முழு எண்கள் மட்டுமே இருப்பதால் t ஒரு விகிதமுறு எண்ணாகத்தான் இருக்கும். ஆகவே விடை, ஒரு விகிதமுறு எண்ணை √3-ஆல் பெருக்கிய வடிவில் இருந்தே ஆக வேண்டும். 3√10 அப்படி இல்லை, 20/3 அப்படி இல்லை, இரண்டும் வெளியே. 10/√3 என்பதை 10/3 × √3 என்று எழுதலாம் என்பதால் அது தங்குகிறது. ஆனால் அது செங்குத்துத் தூரம். நாம் நடப்பதோ செங்குத்துத் திசையில் அல்ல, ஆகவே விடை அதைவிடப் பெரியதாக வேண்டும். மிஞ்சுவது 10√3 மட்டும். அன்றைய தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 90 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். அந்த நிலையில் போட்ட கணக்கைச் சரிபார்க்க இப்படி ஒரு வழி கையில் இருப்பது பெரிய துணை.

இனி, கை தவறும் இடங்கள். முதலாவது, மாறிலியின் குறி. தளத்தை x − y + z = 5 என்று கொடுத்திருக்கும்போது சூத்திரம் x − y + z − 5 = 0 என்ற வடிவத்தைக் கேட்கிறது. அவசரத்தில் 5-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் இடைவெளி 20 ஆகிவிடும், விடை இரட்டிப்பாகும். புள்ளி 15-ஆம் அடுக்கில், தளம் 5-ஆம் அடுக்கில் என்று யோசிக்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை வராது. இரண்டாவது, t-யையே தூரம் என்று எழுதிவிடுவது. திசை விகிதங்களைக் கொண்டு நடக்கும்போது t என்பது தப்படிகளின் எண்ணிக்கைதான். ஒவ்வொரு தப்படியின் நீளமும் 1 ஆக இருந்தால் மட்டுமே, அதாவது திசைக் கொசைன்களைப் பயன்படுத்தினால் மட்டுமே, t-யின் மட்டு தூரமாகும்.

இணைத்தளங்களுக்கு இடையே தூரம் கேட்கும்போது வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. x − y + z = 5, 2x − 2y + 2z = 16 என்ற இரண்டு தளங்கள். 16-லிருந்து 5-ஐக் கழித்து 11 என்று ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. இரண்டாவது சமன்பாட்டை முதலில் 2-ஆல் வகுத்து x − y + z = 8 என்று ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். இடைவெளி 3, தூரம் 3/√3, அதாவது √3. ஒரே தளத்தைப் பல விதமாக எழுதலாம் என்ற இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் சமன்பாடு முழுவதையும் வர்க்கமூலத்தால் வகுத்துவைக்கும் வடிவம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் கணித அறிஞர் ஆட்டோ ஹெஸ்ஸயின் பெயரால் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த வடிவத்தில் எழுதிவிட்டால் மதிப்பில் உள்ள இடைவெளியே தூரம்.

கோட்டின் சமன்பாட்டிலும் ஒரு சூது உண்டு. (1 − x)/2 என்று கொடுத்திருந்தால் திசை விகிதம் 2 அல்ல, −2. x முன்னால், கூட்டல் குறியோடு நிற்கும்படி மாற்றி எழுதிய பிறகே கீழே உள்ள எண்ணை எடுக்க வேண்டும்.

தளத்தில் ஒரு புள்ளியின் பிம்பத்தைக் கேட்டால் தனிச் சூத்திரம் தேவையில்லை. செங்குத்துத் திசையில் தளத்தைத் தொட −10/3 தப்படிகள் வேண்டும் என்று கண்டோம். பிம்பத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு, −20/3. அவ்வளவுதான். வரும் புள்ளி (−17/3, 5/3, 7/3). அதன் மதிப்பு −5. நாம் புறப்பட்டது 15, கண்ணாடி 5, பிம்பம் −5. இருபுறமும் பத்துப் பத்து.

இந்தப் பாடம் இப்போது தேர்வில் எங்கே இருக்கிறது என்பதில் மாணவர்களிடையே குழப்பம் நிலவுகிறது. என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களைச் சுருக்கியபோது பன்னிரண்டாம் வகுப்பு முப்பரிமாண வடிவியலிலிருந்து தளம் பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து 2024 தேர்வுமுதல் ஜே.இ.இ. மெயின் பாடத்திட்டத்திலும் தளத்தின் சமன்பாடுகள் இல்லை. கோடுகளும், ஒரே தளத்தில் அமையாத கோடுகளுக்கு இடையேயான மிகக் குறைந்த தூரமும் தொடர்கின்றன. ஐ.ஐ.டி.களில் சேர எழுதும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பாடத்திட்டத்திலோ தளமும், புள்ளியிலிருந்து தளத்துக்கான தூரமும் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கணிதம் முதல் தொகுதியின் 6-ஆம் அத்தியாயமான ‘வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்’ இவை எல்லாவற்றையும் தருகிறது. இந்த இடத்தில் அவர்கள் கைக்கு எட்டும் பாடநூல் வளமானது.

மெயின் மட்டும் எழுதுபவர்கள் தளத்தை மறந்துவிடலாமா? மறக்க வேண்டாம் என்பேன். காரணம், அந்தத் தேர்வில் இன்றும் கேட்கப்படும் ‘மிகக் குறைந்த தூரம்’ கணக்கு, உள்ளே பார்த்தால், புள்ளியிலிருந்து தளத்துக்கான தூரம்தான். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கோடு (1, 2, 3) வழியாக (2, 3, 4) திசையில் போகிறது. இன்னொன்று (2, 4, 5) வழியாக (3, 4, 5) திசையில் போகிறது. இரண்டும் இணையும் அல்ல, வெட்டிக்கொள்ளவும் இல்லை. மேம்பாலத்துச் சாலையும் கீழ்ச் சாலையும் போல ஒன்றையொன்று தொடாமல் கடக்கின்றன.

முதல் கோட்டைத் தன்னுள் வைத்துக்கொண்டு இரண்டாவது கோட்டுக்கு இணையாக இருக்கும் ஒரு தளத்தைக் கட்டுவோம். அதன் செங்குத்துத் திசை இரண்டு கோடுகளுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும். குறுக்குப் பெருக்கல் அதைத் தருகிறது: (−1, 2, −1). குறியை மாற்றி (1, −2, 1) என்று வைத்துக்கொண்டால், (1, 2, 3) வழியாகப் போகும் தளம் x − 2y + z = 0. இரண்டாவது கோடு இதற்கு இணை என்பதால் அதன் எல்லாப் புள்ளிகளும் தளத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றன. எனவே (2, 4, 5)-ஐ மட்டும் பார்த்தால் போதும். மதிப்பு 2 − 8 + 5 = −1. இடைவெளி 1, வகுக்க வேண்டியது √6. விடை 1/√6. அணிக்கோவை வைத்து எழுதும் நீளமான சூத்திரமும் இதையேதான் தரும். அந்தச் சூத்திரம் மறந்துபோனாலும் தேர்வறையில் தளத்தைக் கட்டி விடைக்கு வந்துவிட முடியும்.

கடைசியாக, வாசகர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துச் செய்து பார்க்க ஒரு கணக்கு. புள்ளி (1, −2, 3). தளம் அதே x − y + z = 5. தூரத்தை x/2 = y/3 = z/(−6) என்ற கோட்டுக்கு இணையாக அளக்க வேண்டும். எந்த அடுக்கில் நிற்கிறீர்கள், ஒரு தப்படிக்கு மதிப்பு எவ்வளவு மாறுகிறது, தப்படியின் நீளம் என்ன என்று மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். உங்களுக்கு 1/√3 வந்தால் செங்குத்தாக இறங்கிவிட்டீர்கள்; 1/7 வந்தால் தப்படியை மட்டும் எண்ணிவிட்டு நீளத்தைப் பெருக்க மறந்துவிட்டீர்கள். சரியான விடை 1.